மறக்க விட்டுப் படியுங்கள்

ப்ளஸ் டூ இயற்பியல் பொதுத்தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாடம் 11 அலகுகள். வருடத் தொடக்கத்தில் நடத்திய நிலை மின்னியலிலிருந்தும் கேள்வி வரும், கடைசியில் முடித்த எலக்ட்ரானியலிலிருந்தும் வரும். பெரும்பாலான பிள்ளைகள் முதல் அலகைத் திறந்து வரிசையாகத் திருப்புகிறார்கள். பத்தாவது அலகுக்கு வருவதற்குள் முதல் அலகு நழுவிவிடுகிறது.

திரும்பத் திரும்ப வாசிப்பது நன்றாகப் படித்துவிட்ட நிறைவைத் தரும். அந்த நிறைவை நம்பக் கூடாது. 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். சில மாணவர்கள் ஒரு பகுதியை இரண்டு முறை வாசித்தார்கள். மற்றவர்கள் ஒரு முறை வாசித்து, பிறகு தாளை மூடிவைத்து நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களே முந்தினார்கள்: 81 சதவீதம், எழுதியவர்கள் 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். வாசித்தவர்களுக்கு 42, எழுதியவர்களுக்கு 56.

அதனால் முதல் நாளே பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, புத்தகத்தை மூடி, மூன்று மணி நேரம் முழுதாக எழுத வேண்டும். மதிப்பெண் குறைவாகத்தான் வரும், வரட்டும். எந்தக் கேள்வியில் போனது என்பதுதான் நமக்கு வேண்டியது. எழுதியதை விடைக்குறிப்போடு வைத்துப் படிப்படியாகத் திருத்தி, மதிப்பெண் போன ஒவ்வொரு கேள்வியையும் தனித் துண்டுச்சீட்டில் எழுதுங்கள். அதே சீட்டில் மறுபடி எழுதிப் பார்க்க வேண்டிய நாட்களையும் குறியுங்கள்: 3, 8, 16.

ஓர் ஐந்து மதிப்பெண் கேள்வியைப் பார்ப்போம். மின் இருமுனையின் அச்சுக்கோட்டில் ஒரு புள்ளியில் ஏற்படும் மின்புலம். முதல் நாள் ஒரு மாணவிக்குப் படமும் தொடக்கமும் வந்தன. கழித்துச் சுருக்கும் இடத்தில் நின்றுவிட்டார். அன்றே புத்தகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். மூன்றாம் நாள் வெறும் தாளில் எழுதினார். கணக்கு வந்தது. ஆனால் r >> a என்று வைத்து a²-ஐ விடும் படியை எழுதாமல் முடிவுக்குத் தாவிவிட்டார். எட்டாம் நாள் முழுதும் சரி. பதினாறாம் நாள், இதையும் நடுவரைத்தளக் கேள்வியையும் அடுத்தடுத்து எழுதியபோது இரண்டும் குழம்பின. அச்சுக்கோட்டில் விடை E = (1/4πε₀)(2p/r³), திசை இருமுனைத் திருப்புத்திறனின் திசையே. நடுவரைத்தளத்தில் அளவு அதில் பாதி, திசை எதிர். ஒன்றை மட்டும் பத்து முறை எழுதியிருந்தால் இந்தக் குழப்பம் தேர்வறையில்தான் தெரிந்திருக்கும். ஆகவே ஒரு நாளில் ஒரே அலகின் சீட்டுகளை அடுக்காமல், நான்கைந்து அலகுகளைக் கலந்து எடுங்கள்.

இடைவெளி சரியா என்பதைக் கையே சொல்லும். தடுமாறி, கொஞ்சம் யோசித்த பிறகு விடை வந்தால் இடைவெளி சரி. தங்குதடையின்றி ஓடினால் அடுத்த நாளைத் தள்ளிப்போடலாம். ஒன்றுமே வராவிட்டால் மறுநாளே எடுக்க வேண்டும். இரண்டு முறை அப்படி ஆனால் அது மறதி அல்ல, பாடமே புரியவில்லை. சீட்டை வைத்துவிட்டு ஆசிரியரிடம் போய்க் கேளுங்கள். புரியாததை எத்தனை இடைவெளி விட்டு எழுதினாலும் நிற்காது.

கணக்குகளில் வேறொரு ஆபத்து உண்டு. விடை 4 ஓம் என்று கேள்வியைப் பார்த்ததுமே ஞாபகம் வந்துவிடும். மறுமுறை எழுதும்போது எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

எந்த வினாத்தாள்களை எடுப்பது? இப்போதைய பாடப்புத்தகத்துக்கான முதல் பொதுத்தேர்வு 2020 மார்ச்சில் நடந்தது. அதற்கு முந்தைய தாள்கள் பொருந்தாது. 2021இல் வழக்கமான பொதுத்தேர்வு நடக்கவில்லை. 2022க்குப் பாடத்திட்டம் குறைக்கப்பட்டிருந்தது. துணைத்தேர்வுத் தாள்களையும் சேர்த்தால் போதுமான அளவு கிடைக்கும். ஆனால் போன முறை கேட்டதைக் கழித்துவிட்டு 'இந்த வருடம் இதுதான் வரும்' என்று கணக்குப் போட அவற்றைப் பயன்படுத்தாதீர்கள். இரண்டு, மூன்று மதிப்பெண் பகுதிகளில் ஒவ்வொரு கட்டாய வினா இருக்கிறது. விட்டுவிட்ட அலகிலிருந்து அது வந்தால் தப்பிக்க வழியில்லை.

முழுத் தாள்கள் மூன்று போதும்: முதல் நாள், பதினோராம் நாள், பத்தொன்பதாம் நாள். பதினோராம் நாள் தாளில் போன கேள்விகளும் சீட்டாகி, 13, 18 ஆகிய நாட்களில் திரும்பி வரட்டும். கடைசி இரண்டு நாட்களுக்குப் புதிதாக எதுவும் வேண்டாம். இன்னும் தடுமாறும் சீட்டுகள் மட்டும். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: பத்தொன்பதாம் நாளுக்கான தாளை அதற்கு முன் யார் காட்டினாலும் பார்க்காதீர்கள். பார்த்த தாளில் எடுக்கும் மதிப்பெண் உங்கள் நிலையைச் சொல்லாது.