ஈரத்தில் இரண்டு இன்ச், காய்ந்தால் எவ்வளவு?

"அக்கா, ரெண்டு இன்ச் மட்டும் எடுங்க" என்று பார்லரில் சொல்லிவிட்டு உட்காருகிறோம். வெட்டி முடித்து, பிரஷ் வைத்து இழுத்து ப்ளோ டிரை செய்து விடும்போது நீளம் சரியாகத்தான் தெரிகிறது. அடுத்த முறை தலைக்குக் குளித்து முடி தானாகக் காய்ந்ததும், நாலைந்து இன்ச் போய்விட்டதே என்று மனசு பதறுகிறது. வெட்டியவர் ஏமாற்றிவிட்டார் என்று தோன்றும். பல நேரங்களில் அப்படி இல்லை. அவர் ஈர முடியைப் பார்த்து அளந்திருப்பார், நாம் காய்ந்த முடியை மனதில் வைத்துச் சொல்லியிருப்போம்.

முடி கெராட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரத இழைகளை ஒன்றோடொன்று பிடித்துவைக்கும் பிணைப்புகளில் ஒரு வகை ஹைட்ரஜன் பிணைப்பு. தண்ணீர் பட்டால் அது விட்டுவிடும், காய்ந்தால் மறுபடி சேர்ந்துகொள்ளும். அதனால் நனைந்த முடி தளர்ந்து, தண்ணீரின் கனத்தோடு நேராகத் தொங்கும். சீப்பை வைத்து இறுக்கி இழுத்தால் இன்னும் நீளும். நேர் முடிக்கு இந்த வித்தியாசம் மிகக் குறைவு. அலை அலையான முடியில் கண்ணுக்குத் தெரியும் அளவு இருக்கும். சுருட்டை முடி காய்ந்ததும் கால் பங்கு குறைவது சாதாரணம். நெருக்கமான சுருள் என்றால் பாதிகூடக் குறையும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிடரியிலிருந்து அளந்தால் ஒரு பெண்ணின் சுருட்டை முடி ஈரத்தில் 16 இன்ச், காய்ந்தால் 12 இன்ச் என்று வைத்துக்கொள்வோம். ஈர முடியின் நுனியிலிருந்து 2 இன்ச் வெட்டினால் மீதி 14. அது காய்ந்ததும் பத்தரை இன்ச்சில் நிற்கும். அதாவது கண்ணுக்குக் குறைந்தது ஒன்றரை இன்ச்தான். கேட்டதைவிடக் குறைவாகவே போயிருக்கிறது!

அப்படியானால் தப்பு எங்கே நடக்கிறது? இடத்தைக் காட்டும்போதுதான். அந்தப் பெண்ணுக்குக் காய்ந்த முடி 10 இன்ச்சில் நிற்க வேண்டும். முடி நனைந்திருக்கும்போது கண்ணாடியில் முதுகைப் பார்த்து, "இந்த இடம் வரைக்கும் இருக்கட்டும்" என்று அதே 10 இன்ச் இடத்தைக் காட்டுகிறார். வெட்டுபவரும் சொன்ன இடத்திலேயே வெட்டுகிறார். ஈரத்தில் 6 இன்ச் கீழே விழுகிறது. மீதியுள்ள 10 இன்ச் காய்ந்ததும் ஏழரை ஆகிவிடும். 12 இன்ச்சில் இரண்டு குறைய வேண்டிய இடத்தில் நாலரை போய்விட்டது. அவர் விரும்பிய நீளத்துக்கு ஈரத்தில் இரண்டரை இன்ச்சுக்குச் சற்று மேல் வெட்டியிருந்தாலே போதும்.

இந்தக் கணக்கையும் முழுசாக நம்பிவிட முடியாது. நுனியின் கனம் குறைந்ததும் மிச்சமுள்ள சுருள் இன்னும் கொஞ்சம் மேலேறும். ஒரே தலையிலும் பிடரியில் ஒரு மாதிரி, காதோரம் ஒரு மாதிரி சுருளும். அதனால்தான் ஈரத்தில் நூல் பிடித்தமாதிரி வெட்டிய ஸ்ட்ரெய்ட் கட், காய்ந்ததும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. சுருட்டை முடியைக் காய்ந்த நிலையில், சுருள் சுருளாகப் பார்த்து வெட்டும் முறை வந்ததும் இதனால்தான். நியூயார்க்கில் அதைப் பிரபலமாக்கியவர்களில் லொரேன் மாஸி முக்கியமானவர். நல்ல சுருட்டை முடி உள்ளவர்களுக்கு அதுவே சரியான வழி என்பது என் கருத்து.

நேர் முடிக்காரர்களும் நெற்றியில் விழும் முடியில் மட்டும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அங்கே நீளம் குறைவு, பலருக்கு முன்னால் ஒரு சுழியும் இருக்கும். ஈரத்தில் நெற்றியோடு ஒட்டி, சரியாகப் புருவத்தில் நிற்கும் முடி காய்ந்ததும் எழும்பி நடு நெற்றிக்குப் போய்விடும். முதுகில் அரை இன்ச் குறைந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். நெற்றியில் குறைந்தால் முகமே மாறிவிடும்.

போவதற்கு முன் வீட்டிலேயே அளந்து பார்த்துவிடலாம். தலைக்குக் குளித்த கையோடு பின்பக்கம் ஒரு கற்றையை இழுக்காமல் தொங்கவிட்டு டேப்பால் அளந்துகொள்ளுங்கள். எண்ணெய் வைக்காமல், பின்னாமல், தானாகக் காயவிட்டு அதே கற்றையை மறுபடி அளங்கள். பின்னல் போட்டு அவிழ்த்த முடியில் பொய் அலை இருக்கும். அயர்ன் செய்த முடி நீளமாகத் தெரியும். இரண்டிலும் எடுத்த அளவு உதவாது.

பார்லரில் முடியை நனைப்பதற்கு முன்பே இடத்தைத் தொட்டுக் காட்டி, "காய்ஞ்சதும் இங்க நிக்கணும்" என்று சொல்லுங்கள். முதலில் பாதி அளவு வெட்டி, பிரஷ் வைத்து இழுக்காமல் காயவைத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். முடி மாதத்துக்குச் சுமார் அரை இன்ச்தான் வளரும். அந்தப் பெண்ணுக்குக் கூடுதலாகப் போன இரண்டரை இன்ச், காய்ந்த அளவில் திரும்பி வர ஆறேழு மாதம் ஆகும்.