குளிர் இரவில் முதியோருக்கான உடை

மார்கழி, தை மாதங்களில் வேலூர், ஆம்பூர் வட்டாரங்களில் பின்னிரவு வெப்பநிலை 20 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. முதுமையில் நடுக்கமும் வியர்வையும் குறைந்துவிடுவதால், உடல் குளிர்வதையோ சூடேறுவதையோ முதியவர் தாமதமாகவே உணர்வார். ஆகவே தடித்த ஓர் உடையைவிடத் தளர்வான, மெல்லிய இரண்டு அடுக்குகளே நன்று.

எடுத்துக்காட்டாக, இரவில் இருமுறை சிறுநீர் கழிக்க எழும் 75 வயது நீரிழிவு நோயாளியான மூதாட்டிக்குக் கணுக்காலுக்கு மேல் நிற்கும் பருத்தி நைட்டியும், முன்புறம் பொத்தான் வைத்த ஸ்வெட்டரும் போதும். கைகளை உயர்த்தாமலே அதனைக் கழற்றலாம். காலுறையின் விளிம்பு தோலில் தடம் பதிக்கலாகாது; வழுக்காத அடிப்பகுதியும் வேண்டும். போர்வையை மெத்தைக்கடியில் செருகாதீர்கள். உணர்ச்சி குன்றிய பாதங்களில் வெந்நீர்ப் பை புண்ணாக்கிவிடும்.

கை, கால்கள் இயல்பாகவே குளிர்ந்திருக்கும். அவற்றைக்கொண்டு முடிவு செய்யாமல் பிடரியைத் தொட்டுப் பாருங்கள். அங்கே ஈரமோ மிகுந்த சூடோ இருந்தால் ஸ்வெட்டரைக் கழற்றுங்கள். பிடரி குளிர்ந்திருந்தால் ஒரு போர்வை சேருங்கள். வயிறும் குளிர்ந்து, பேச்சுக் குழறி, எழுப்பியும் தெளியாத மயக்கம் இருப்பின் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.