படம் எந்த அளவானாலும் ஒரே வகைப்படுத்தி

புகைப்படத்தில் இருப்பது பூனையா, பேருந்தா, பூவா என்று சொல்லும் கணினி வலையமைப்பு பொதுவாக இரண்டு பகுதிகளைக் கொண்டது. முன்பகுதியில் உள்ள கன்வல்யூஷன் அடுக்குகள் படத்தை அலசி, கோடு, வளைவு, ரோமம், சக்கரம் போன்ற அம்சங்கள் எங்கெங்கே தென்படுகின்றன என்று குறித்துத் தருகின்றன. பின்பகுதியில் உள்ள வகைப்படுத்தி அந்தக் குறிப்புகளை வைத்து முடிவு சொல்கிறது. படத்தின் அளவு மாறினால் இவற்றில் முன்பகுதிக்கு எந்தச் சிக்கலும் இல்லை. பின்பகுதிக்குத்தான் சிக்கல்.

கன்வல்யூஷன் அடுக்கில் இருப்பவை சிறு வடிகட்டிகள். மூன்றுக்கு மூன்று பிக்செல் அளவுள்ள ஒரு வடிகட்டி படத்தின் மேல் நகர்ந்துகொண்டே போய், ஒவ்வோர் இடத்திலும் ஒரே கணக்கைச் செய்கிறது. படம் பெரிதானால் அது கூடுதலாக நகரும், அவ்வளவுதான். இறுதியில் ஒவ்வொரு வடிகட்டியும் ஓர் எண் கட்டத்தை விட்டுச் செல்கிறது. அதற்கு அம்ச வரைபடம் என்று பெயர். தான் தேடும் அம்சம் எந்த இடத்தில் எவ்வளவு வலுவாகத் தெரிந்தது என்பதை அதிலுள்ள எண்கள் காட்டும்.

வகைப்படுத்தியின் நிலை வேறு. தன்னிடம் வரும் ஒவ்வோர் எண்ணுக்கும் அது தனித்தனி எடை வைத்திருக்கிறது. ஆயிரம் எண்களுக்குப் பயிற்சி பெற்றிருந்தால், ஆயிரத்தோராவது எண்ணுக்கு அதனிடம் எடையே கிடையாது. அம்ச வரைபடங்களில் உள்ள எண்களையெல்லாம் ஒரே நீள வரிசையாக அடுக்கி இந்த வகைப்படுத்திக்குக் கொடுப்பதே பழைய வழக்கம். இதைத் தட்டையாக்கல் என்பார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 2014இல் வெளியிட்ட விஜிஜி-16 வலையமைப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதற்குள் செல்லும் படம் 224-க்கு 224 பிக்செல். ஐந்து முறை பாதியாகச் சுருங்கிய பின் கிடைப்பவை 7-க்கு 7 கட்டங்கள் கொண்ட 512 வரைபடங்கள். இவற்றைத் தட்டையாக்கினால் 25,088 எண்கள். அடுத்த அடுக்கில் உள்ள 4,096 அலகுகளில் ஒவ்வொன்றும் இந்த 25,088 எண்களோடும் இணைகிறது. இந்த ஓர் இணைப்புக்கு மட்டும் 10 கோடிக்கு மேற்பட்ட எடைகள் தேவைப்படுகின்றன. முழு வலையமைப்பில் இருப்பவையே ஏறக்குறைய 13.8 கோடி எடைகள்தான்.

இப்படிக் கட்டிய வலையமைப்புக்கு 320-க்கு 320 பிக்செல் படத்தைக் கொடுத்தால், வரைபடங்கள் 10-க்கு 10 ஆகின்றன. தட்டையாக்கினால் 51,200 எண்கள் வருகின்றன. பைடார்ச் மென்பொருளில் இந்தப் பிழைச் செய்தியோடு கணக்கு நின்றுவிடும்:

```
mat1 and mat2 shapes cannot be multiplied (1x51200 and 25088x4096)
```

அதனால் எல்லாப் படங்களையும் ஒரே அளவுக்கு வெட்டியோ நசுக்கியோதான் உள்ளே அனுப்ப வேண்டியிருந்தது.

இதற்கு மாற்றாக, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மின் லின், சியாங் சென், ஷுய்செங் யான் மூவரும் 2013இல் ஓர் எளிய வழியைச் சொன்னார்கள். ஒவ்வொரு வரைபடத்திலும் உள்ள எல்லா எண்களையும் கூட்டிச் சராசரி எடுத்து, அந்த ஒரே எண்ணை மட்டும் மேலே அனுப்புவதே அவ்வழி. இதற்குக் குளோபல் ஆவரேஜ் பூலிங் என்று பெயர். வகுப்பில் 30 பேர் இருந்தாலும் 50 பேர் இருந்தாலும் சராசரி மதிப்பெண் என்பது ஒரே ஓர் எண்தானே. அதுபோல வரைபடத்தில் 49 கட்டங்கள் இருந்தாலும் 300 கட்டங்கள் இருந்தாலும் வெளிவருவது ஓர் எண்தான். 512 வரைபடங்களுக்கு எப்போதும் 512 எண்கள். வகைப்படுத்தி பார்ப்பது வரைபடங்களின் எண்ணிக்கையை மட்டுமே. படத்தின் அளவு அதன் கண்ணில் படுவதே இல்லை.

2015இல் வந்த ரெஸ்நெட்-50 இந்த வழியைக் கையாள்கிறது. 224 பிக்செல் படத்துக்கு அதன் கடைசி வரைபடங்கள் 7-க்கு 7. 640-க்கு 480 படத்துக்கு 20-க்கு 15. இரண்டிலும் வரைபடங்கள் 2,048. ஆகவே வகைப்படுத்திக்குச் செல்பவை இரண்டிலும் 2,048 எண்களே. அங்கிருந்து ஆயிரம் வகைகளுக்கு இணைக்க ஏறத்தாழ 20 லட்சம் எடைகள் போதும். தட்டையாக்கியிருந்தால் 10 கோடி தேவைப்பட்டிருக்கும். சராசரி எடுக்கும் படிக்குச் சொந்தமாக எடையே இல்லை. பைடார்ச்சில் அது ஒரே வரி:

```python
x = x.mean(dim=(2, 3))
```

அளவு ஒத்துப்போவது மட்டும் போதாது. எண்ணின் பொருளும் மாறாதிருக்க வேண்டும். கூட்டுத்தொகைக்குப் பதில் சராசரியை எடுப்பதன் காரணம் இதுவே. 49 கட்டங்களில் 10 கட்டங்கள் பூனையின் ரோமத்துக்குத் தலா 4.9 என்று பதில் தருவதாகவும் மற்றவை பூஜ்யம் என்றும் கொண்டால், சராசரி 1. அதே படத்தை இருமடங்கு பெரிதாக்கினால் கட்டங்கள் 196 ஆகும். பூனை சுமார் 40 கட்டங்களை நிரப்பும். அங்கும் பதில் அதே வலுவில் இருந்தால் சராசரி மீண்டும் 1. கூட்டுத்தொகையோ 49-இலிருந்து 196-க்குத் தாவியிருக்கும். பழகிய எடைகள் அந்த எண்ணைத் தவறாகப் படித்திருக்கும்.

இந்தக் கணக்கிலேயே முறையின் முதல் குறையும் தெரிகிறது. அகன்ற நிலக்காட்சி ஒன்றில் பூனை 196 கட்டங்களில் இரண்டை மட்டும் நிரப்பினால், சராசரி 0.05 ஆகச் சுருங்கிவிடும். பின்னணி மிகப் பெரிதாக இருக்கும்போது சிறிய பொருள் கரைந்துபோகிறது. பொருள் படத்தின் எந்த மூலையில் இருந்தது என்ற செய்தியும் சராசரியில் மறைகிறது. என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்கும் வேலைக்கு இது இழப்பில்லை. இடது, வலது முக்கியமான வேலைக்கு இது பெரிய இழப்பு.

இரண்டாவது குறை, பயிற்சியில் கண்ட அளவோடு தொடர்புடையது. வடிகட்டிகள் பழகியது ஒரு குறிப்பிட்ட பருமனில் தெரிந்த கண், காது, சக்கரங்களோடுதான். படத்தை நான்கு மடங்கு பெரிதாக்கினால், பூனையின் காது அந்த வடிகட்டிகள் அறிந்த காதாகவே இராது. முன் சொன்ன 'அதே வலுவில்' என்ற நிபந்தனை அங்கே உடைகிறது. பிழைச் செய்தி எதுவும் வராது. பதில் மட்டும் தவறும். வெவ்வேறு அளவுகளில் படங்களைக் கலந்து பயிற்சி தருவது இதற்கு வழக்கமான மருந்து.

மூன்றாவது குறை நடைமுறை சார்ந்தது. ஒரே தொகுதியாகக் கணக்கிடும் படங்கள் எல்லாம் ஒரே அளவில் இருந்தாக வேண்டும். சிறிய படத்தைச் சுற்றி வெற்றுப் பட்டை ஒட்டிச் சமன்செய்தால், அந்தப் பட்டையின் கட்டங்களும் சராசரியில் சேர்ந்து எண்ணைக் குறைத்துவிடும். ஒத்த அளவுப் படங்களைத் தனித்தனித் தொகுதியாகப் பிரித்து அனுப்புவதோ, வெற்றுக் கட்டங்களை விலக்கிச் சராசரி எடுப்பதோ நல்லது.

ஆக, முழுப்பரப்புச் சராசரி எல்லா அளவுப் படங்களையும் உள்ளே விடுகிறது. எல்லா அளவிலும் சரியான பதில் வரும் என்று அது உறுதி தருவதில்லை. ஒரு வகைப்படுத்தியைப் பயன்பாட்டுக்கு விடுமுன், அது சந்திக்கப்போகும் ஒவ்வோர் அளவிலும் அதன் துல்லியத்தைத் தனியே அளந்து பார்த்துவிட வேண்டும்.