எழுபதுக்கு இரண்டு சொற்கள்: நாட்டுக்கு நாடு மாறும் பிரெஞ்சு

மேல்நிலை வகுப்புகளுக்குப் பிரெஞ்சு கற்பிக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வகுப்புத் தேர்வில், 70 என்ற எண்ணை எழுத்தால் எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவி ‘செப்தாந்த்’ என்று எழுதியிருந்தாள். பாடநூலில் இருப்பது ‘சுவாசாந்த்-தீஸ்’. தவறு எனக் குறித்து மதிப்பெண்ணைக் குறைத்தேன். மறுநாள் அவள் வந்து, “மிஸ், எங்க மாமா லொசான்ல இருக்காரு. அங்க எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்களாம்” என்றாள். லொசான், சுவிட்சர்லாந்தில் பிரெஞ்சு பேசும் பகுதியிலுள்ள நகரம். அவள் சொன்னது சரி. நான் திருத்தியதுதான் தவறு. எது பிழை, எது வட்டார வேறுபாடு என்று பிரித்தறிய நான் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகுதான். அதையே இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

எண்களிலிருந்தே தொடங்கலாம். பிரான்சில் 70 என்பது ‘அறுபது-பத்து’, 80 என்பது ‘நான்கு-இருபது’, 90 என்பது ‘நான்கு-இருபது-பத்து’. இருபது இருபதாக எண்ணும் பழைய வழக்கத்தின் எச்சம் இது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பார்வையற்றோர் முந்நூறு பேருக்காகப் பாரிசில் தொடங்கப்பட்ட மருத்துவமனைக்கு இன்றும் ‘கேன்ஸ்-வேன்’, அதாவது ‘பதினைந்து-இருபது’ என்றே பெயர். பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் பத்து பத்தாக எண்ணும் சொற்களே நிலைத்தன: 70 ‘செப்தாந்த்’, 90 ‘நோனாந்த்’. 80க்கு மட்டும் பெல்ஜியத்தினர் பிரான்சைப் போலவே ‘காத்ர-வேன்’ என்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் வோ, வலே, ஃபிரிபூர் மாநிலங்களில் அதுவும் ‘உய்தாந்த்’ ஆகிவிடுகிறது.

ஆப்பிரிக்காவில் இந்த வேறுபாடு ஆட்சி வரலாற்றைப் பின்பற்றுகிறது. 1960 வரை பெல்ஜியத்தின் ஆட்சியிலிருந்த இன்றைய காங்கோ சனநாயகக் குடியரசில் ‘செப்தாந்த்’, ‘நோனாந்த்’ வழங்குகின்றன. பிரான்சின் ஆட்சியிலிருந்த செனகலில் பிரான்சின் எண்களே வழங்குகின்றன. கனடாவின் கியூபெக்கிலும் அப்படித்தான்.

மாணவர்களுக்கு இதில் சிக்கல் வருவது, காதால் கேட்டு எழுதும்போதுதான். பிரான்சில் தொலைபேசி எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்வார்கள். 75 என்பது ‘அறுபது-பதினைந்து’ என்று காதில் விழும். ‘அறுபது’ என்றதும் மாணவன் 6 எழுதி, அடுத்து 0 எழுதிவிடுகிறான். பிறகு வரும் ‘பதினைந்து’ அவனைத் தடுமாற வைக்கிறது. லொசானில் அதே எண் ‘செப்தாந்த்-சேன்க்’. கேட்டவுடன் 7, 5 என்று எழுதிவிடலாம். ஆகவே பிரான்சின் எண்களைக் கற்பிக்கும்போது, ‘அறுபது’ என்றோ ‘நான்கு-இருபது’ என்றோ கேட்டால் அடுத்த சொல் வரும்வரை பேனாவைத் தூக்கியே வைத்திருக்கச் சொல்கிறேன்.

அடுத்தது உணவு நேரம். சொல் ஒன்றாகவே இருந்து பொருள் மாறுவதால், இங்கே குழப்பம் இன்னும் கூடுகிறது. பிரான்சில் காலை உணவு ‘பெத்தி தேஜெனே’, மதிய உணவு ‘தேஜெனே’, இரவு உணவு ‘தினே’. கியூபெக்கில் காலை உணவு ‘தேஜெனே’, மதிய உணவு ‘தினே’, இரவு உணவு ‘சூப்பே’. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் கியூபெக்கின் வரிசையே பரவலாக உள்ளது. மொன்ட்ரியாலில் ஒருவர் உங்களைத் ‘தினே’வுக்கு அழைத்து, பாடநூலை நம்பி நீங்கள் இரவு எட்டு மணிக்குப் போனால், அந்த விருந்து மதியமே முடிந்திருக்கும்.

‘தேஜெனே’ என்ற சொல்லின் அடிப்பொருள் ‘நோன்பை முடித்தல்’. இரவு முழுவதும் உண்ணாதிருந்து காலையில் உண்பதே அது. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் பாரிசின் மேல்தட்டினர் உண்ணும் நேரம் படிப்படியாகப் பின்னுக்குப் போனது. மதியத்துக்கு உரிய ‘தினே’ மாலைக்கு நகர்ந்தது. காலைக்கு உரிய ‘தேஜெனே’ மதியத்துக்கு வந்தது. காலை உணவுக்குப் பெயரில்லாமல் போகவே ‘சிறிய’ என்ற அடைமொழியுடன் புதுப்பெயர் வைத்தார்கள். கியூபெக்கோ 1763 உடன்படிக்கைப்படி பிரிட்டன் கைக்குப் போய்விட்டது. பாரிசில் நடந்த மாற்றம் அங்கே வேரூன்றவில்லை. இந்த மூன்று சொற்களைப் பொறுத்தவரை, பழைய பொருளைக் காத்து வைத்திருப்பது கியூபெக்தான்.

மூன்றாவது உச்சரிப்பு. கியூபெக் ஒலிப்பதிவை முதன்முதலாகக் கேட்கும் மாணவர்கள் “இது பிரெஞ்சே இல்லை” என்கிறார்கள். ஆனால் அங்குள்ள மாற்றங்களில் மிகத் தெளிவாகக் கேட்பது ஓர் ஒழுங்கான விதியைப் பின்பற்றுகிறது. ‘த்’ ஒலிக்குப் பின் ‘இ’ வந்தாலோ, உதட்டைக் குவித்துச் சொல்லும் பிரெஞ்சு ‘யு’ வந்தாலோ, இடையில் மெல்லிய ‘ஸ்’ நுழைகிறது. ‘நீ’ என்று பொருள்படும் ‘த்யு’ அங்கே ‘த்ஸ்யு’ ஆகிறது. செவ்வாய்க்கிழமையாகிய ‘மார்தி’, ‘மார்த்ஸி’ போல ஒலிக்கிறது. மேசையைக் குறிக்கும் ‘தாப்ல்’ என்ற சொல்லில் ‘த்’துக்குப் பின் ‘ஆ’ வருவதால் எந்த மாற்றமும் இல்லை. இந்த விதியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அதே ஒலிப்பதிவை மீண்டும் போட்டால், முதலில் பிடிபடாத பல சொற்களை மாணவர்கள் தாங்களே அடையாளம் காண்கிறார்கள்.

மேற்கு ஆப்பிரிக்காவில் பலர் ‘ர’வை நாக்கு நுனியால், ஏறக்குறைய நம் ‘ர’ போலவே உச்சரிக்கிறார்கள். பாரிசில் அது தொண்டையில் பிறக்கிறது. நம் மாணவர்களுக்குத் தொண்டை ஒலி எளிதில் வருவதில்லை. அதற்காகவே வாய் திறக்காமல் இருக்கும் மாணவர்களிடம், தக்கார் நகரில் பலர் பேசுவது நம் ‘ர’வோடுதான் என்று சொல்கிறேன். தொண்டை ஒலிக்குப் பயிற்சி தொடர்கிறது; ஆனால் அது வரும்வரை பேச்சு நிற்க வேண்டியதில்லை. சொற்களிலும் அங்கே புதிய ஆக்கங்கள் உண்டு. பெட்ரோல் நிலையத்தைச் செனகலில் ‘எசான்ஸ்ரி’ என்பார்கள். பிரான்சில் புதர்க்காட்டைக் குறிக்கும் ‘மக்கி’, ஐவரி கோஸ்ட்டில் எளிய உணவுக்கடை.

அப்படியானால் மாணவர் எழுதும் எதையும் வட்டார வழக்கு என்று விட்டுவிடலாமா? கூடாது. நான் இரண்டு கேள்விகள் கேட்டுப் பார்க்கிறேன். முதலாவது, ‘பெத்தி ரொபேர்’ போன்ற நல்ல அகராதியில் அந்தச் சொல் நாட்டுப் பெயருடனோ வட்டாரக் குறிப்புடனோ இருக்கிறதா? ‘செப்தாந்த்’ இருக்கிறது. இரண்டாவது, மாணவர் அதை ஒரே சீராகப் பயன்படுத்துகிறாரா? 70க்குச் ‘செப்தாந்த்’ என்றும் 90க்குக் ‘காத்ர-வேன்-தீஸ்’ என்றும் எழுதினால், இரண்டு முறைகள் கலந்துவிட்டன என்று சுட்டிக்காட்டுகிறேன். வினைச்சொல்லின் ஈறு மாறினாலோ பெயர்ச்சொல்லின் பால் மாறினாலோ அது பெரும்பாலும் பிழைதான். பள்ளியில் கற்பிக்கும் எழுத்து இலக்கணம் பாரிசிலும் மொன்ட்ரியாலிலும் தக்காரிலும் ஏறக்குறைய ஒன்றே.

மாணவர்களிடம் நான் சொல்வது இதுதான்: பேசுவதற்கும் எழுதுவதற்கும் பாடநூலின் வழக்கு ஒன்றையே பழகுங்கள், பொதுத்தேர்விலும் அதையே எழுதுங்கள், கேட்டுப் புரிந்துகொள்வதற்கு மட்டும் மற்ற வழக்குகளையும் தெரிந்துவைத்திருங்கள். வகுப்புத் தேர்வில் ‘செப்தாந்த்’ வந்தால் இப்போது மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை. ஓரத்தில் ‘பெல்ஜியம், சுவிட்சர்லாந்து’ என்று எழுதி, பக்கத்தில் பாடநூலின் வடிவத்தையும் எழுதுகிறேன். அந்த மாணவியின் தாளையும் திரும்ப வாங்கி அப்படியே திருத்தி, குறைத்த மதிப்பெண்ணைச் சேர்த்துக் கொடுத்தேன்.