நாவில் வெண்படலம்

நாவிற் படரும் வெண்மையெல்லாம் நோயன்று. காலையிற் காணும் படலம் உதிர்ந்த தோற்கலங்களும் உணவுத் துகள்களும் பற்றீரியங்களும் சேர்ந்தது; வழித்தால் நோவின்றி நீங்கும். வெண்புண்ணோ, வாயில் இயல்பாகவே வாழும் கண்டிடா என்னும் பங்கசு மிகுதியாகப் பெருகுவதால் உண்டாவது. தயிர்த்திரளை போன்ற அவ்வெண்மை கன்னத்தின் உட்புறத்திலும் காணப்படும். துடைத்தால் சிவந்த புண் வெளிப்பட்டு எரியும்.

கைக்குழந்தைகள், நீரிழிவுடையோர், செயற்கைப் பல் அணிவோர் ஆகியோரை இது எளிதிற் பற்றும். தொய்வு நோய்க்கு இசுத்தெரோயிட்டு மருந்தை உள்ளிழுப்பவரும் இவ்வகையினரே. வாயிலே தங்கும் மருந்து அவ்விடத்துத் தடுப்பாற்றலைக் குறைப்பதாற் பங்கசு தழைக்கின்றது. இழுத்தவுடன் வாய் கொப்பளித்து உமிழ்ந்தால் இது பெரிதும் தவிரும்; அஞ்சி மருந்தை நிறுத்தலாகாது.

துடைத்தும் நீங்காது இரு வாரத்துக்கு மேல் நிலைக்கும் வெண்திட்டை, சிறப்பாக வெற்றிலை பாக்கு மெல்லுவோர், மருத்துவருக்குக் காட்டுதல் வேண்டும். அது புற்றுநோயின் முன்னறிகுறியாகவும் இருத்தல் கூடும்.