கணக்கில் கழிந்தது, கையில் வரவில்லை

ரங்கத் கடைத்தெருவில் ஒரு மாலை நேரம். தமிழ்நாட்டிலிருந்து வந்து அந்தமானில் தச்சு வேலை செய்யும் ஒருவர், சென்னைக்குக் கப்பல் சீட்டு எடுப்பதற்காக ஏ.டி.எம். இயந்திரத்தில் தம் அட்டையைச் செருகி, 5000 ரூபாய் என்று அழுத்துகிறார். உள்ளே பணத்தாள்கள் நகரும் ஓசை கேட்கிறது. பின்னர் ஓசை அடங்குகிறது. திரையில் பிழைச் செய்தி ஒன்று தோன்றி மறைகிறது. பணம் வரவில்லை. ஆனால் கைப்பேசியிலோ, கணக்கிலிருந்து 5000 ரூபாய் எடுக்கப்பட்டது என்ற குறுஞ்செய்தி வந்து நிற்கிறது.

மாணவர்களே, இது நாம் எடுத்துக்காட்டிற்காகக் கற்பனை செய்துகொண்ட நிகழ்ச்சி. எனினும், உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இதைப் போன்ற ஒன்று நடந்திருக்கக்கூடும். அந்தத் தச்சருக்கு ஒரு கூடுதல் இடர்ப்பாடும் உண்டு. அவருடைய கணக்கு இருப்பது தமிழ்நாட்டில், அவருடைய சொந்த ஊர்க் கிளையில். அவர் பயன்படுத்திய இயந்திரமோ வேறொரு வங்கிக்கு உரியது. நடுவே கடல் இருக்கிறது. அவர் யாரிடம் போய்க் கேட்பது?

இதற்கு விடை காணுமுன், பணம் வராமலே கணக்கில் எப்படிக் கழிகிறது என்பதை அறிந்துகொள்வோம். இயந்திரத்தில் நாம் தொகையை அழுத்தியவுடன், அச்செய்தி முதலில் இயந்திரத்தை வைத்திருக்கும் வங்கியின் கணினிக்குச் செல்கிறது. அங்கிருந்து, வங்கிகளை இணைக்கும் தேசிய நிதி இணைப்பகம் என்னும் வலையமைப்பின் வழியாக, அட்டையை வழங்கிய வங்கிக்குச் செல்கிறது. அந்த வங்கி கணக்கைப் பார்த்து, இருப்பு போதுமானால் 5000 ரூபாயை முதலில் கழித்துக்கொண்டு, அதன் பின்னரே ‘கொடுக்கலாம்’ என்று மறுமொழி அனுப்புகிறது. அம்மறுமொழி வந்த பிறகுதான் இயந்திரம் தாள்களை எண்ணத் தொடங்குகிறது. ஆகவே, கழித்தல் முதலில் நடக்கிறது. கொடுத்தல் பிறகு நடக்கிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட சில நொடிகளில் தாள்கள் சிக்கிக்கொள்ளலாம், மின்சாரம் நிற்கலாம், தொடர்பு அறுந்துபோகலாம்.

பணம் கொடுக்க இயலாதபோது, ‘கொடுக்கவில்லை, திருப்பிச் சேர்த்துவிடுக’ என்னும் செய்தியை இயந்திரம் தானே அனுப்புமாறு அமைத்திருக்கிறார்கள். அச்செய்தி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால், சில நிமிடங்களிலேயே பணம் கணக்கிற்குத் திரும்பிவிடும். பெரும்பாலும் நாம் பதறி முடிப்பதற்குள் திரும்பச் சேர்ந்த குறுஞ்செய்தி வந்துவிடும். தொடர்பு அறுந்ததே காரணம் என்றால், திருப்பிச் சேர்க்கும் செய்தியும் அதே அறுந்த வழியில்தானே போகவேண்டும்? அதுவும் போகாது. தீவுகளில் வாழ்வோருக்கு இது புதிதன்று. 2020 ஆகஸ்ட் 10ஆம் நாள் சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே கடலடிக் கம்பிவடம் தொடங்கிவைக்கப்படும் வரை, இங்குள்ள இணைய வசதி செயற்கைக்கோளை நம்பியே இருந்தது. ஏறத்தாழ 2300 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வடம் இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டுள்ள போர்ட் பிளேயரோடு ரங்கத், கார் நிக்கோபார் முதலிய இடங்களையும் இணைக்கிறது. தொடர்பு பெரிதும் சீர்ப்பட்டது. ஆயினும், மழைக்காலத்து மின்தடையைக் கம்பிவடம் என்ன செய்யும்?

திரும்பச் சேர்க்கும் செய்தி போகாவிட்டாலும் பணம் தொலைந்துவிடுவதில்லை. அத்தாள்கள் இயந்திரத்தின் உள்ளேயே இருக்கின்றன. இயந்திரம் தான் செய்த ஒவ்வொரு செயலையும் ஒரு மின்னணுக் குறிப்பேட்டில் பதிந்துவைக்கிறது. பணம் நிரப்ப வருவோர் உள்ளிருப்பை எண்ணும்போது, இருக்கவேண்டிய தொகையைவிட 5000 ரூபாய் மிகுதியாக இருக்கும். குறிப்பேட்டையும் இருப்பையும் ஒப்பிட்டால் உண்மை வெளிப்படும். இப்பணியைத்தான் வங்கிகள் கணக்குச் சரிபார்ப்பு என்கின்றன. அதற்குச் சில நாள்கள் ஆகும்.

எத்தனை நாள்கள் ஆகலாம்? இதை வங்கியின் விருப்பத்திற்கு விட்டுவிடவில்லை. இந்திய ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20ஆம் நாள் ஓர் ஆணை வெளியிட்டது. அது அவ்வாண்டு அக்டோபர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, பணம் வராமல் கணக்கில் கழிந்த தொகையை, அந்நிகழ்ச்சி நடந்த நாளிலிருந்து 5 நாள்களுக்குள் வங்கி தானாகவே திருப்பிச் சேர்க்கவேண்டும். தவறினால், அதற்குப் பின் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும். இந்த 5 நாள்கள் நாட்காட்டி நாள்கள். ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறையும் இதனுள் அடங்கும்.

இங்கே பெரியவர்கள் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 2011இல் வந்த பழைய விதியில், வாடிக்கையாளர் புகார் கொடுத்த நாளிலிருந்தே கணக்குத் தொடங்கியது. வங்கிக்கு 7 வேலை நாள்கள் இருந்தன. 30 நாள்களுக்குள் புகார் கொடுத்தவருக்கே இழப்பீடு கிடைத்தது. இப்போதைய விதியில் நாள் கணக்கு புகாரிலிருந்து தொடங்குவதில்லை. பணம் எடுக்க முயன்ற நாளிலிருந்தே தொடங்குகிறது. புகார் கொடுக்காதவருக்கும் இழப்பீடு உரியது. எவரேனும் ‘நீங்கள் தாமதமாக எழுதினீர்கள், அதனால் இழப்பீடு இல்லை’ என்று சொன்னால், அவர் பழைய விதியைச் சொல்கிறார் என்று கொள்ளலாம்.

நம் தச்சரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அவர் ஜூன் 3ஆம் நாள் பணம் எடுக்க முயன்றார். ஐந்து நாள்கள் சேர்த்தால் ஜூன் 8. அன்றைக்குள் 5000 ரூபாய் வந்திருக்கவேண்டும். வரவில்லை. ஜூன் 14ஆம் நாள்தான் வந்தது என்று வைத்துக்கொள்வோம். 9 முதல் 14 வரை ஆறு நாள்கள் தாமதம். எனவே 5000 ரூபாயோடு 600 ரூபாயும் அவருக்கு உரியது. பணம் வந்த மகிழ்ச்சியில் பலர் இந்த 600 ரூபாயைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். வங்கி கேளாமலே தரவேண்டியதுதான். ஆனாலும் கணக்குப் புத்தகத்தில் பதிந்து பார்த்து, இல்லையெனில் கேட்டுப் பெறுவதே நல்லது.

ஐந்து நாள் காத்திருக்கலாம் என்பதால், முதல் நாளே எழுதக்கூடாது என்று பொருளன்று. உடனே எழுதுவதால், நிகழ்ச்சி பற்றிய விவரங்கள் கையில் இருக்கும்போதே பதிவாகின்றன. அந்த இடத்தை விட்டு நகருமுன் அவர் செய்யவேண்டியவை சில. திரை மீண்டும் தொடக்க நிலைக்கு வரும் வரை நிற்கவேண்டும். ஏனெனில், தாமதமாக வெளிவரும் தாள்களை அடுத்தவர் எடுத்துச் சென்றால் இயந்திரக் குறிப்பேடு ‘கொடுத்தாயிற்று’ என்றே காட்டும். வங்கி அதைத் தோல்வியுற்ற பரிமாற்றமாக ஏற்காது. அச்சுச் சீட்டு வந்தால் அதைப் பத்திரப்படுத்தவேண்டும். வராவிட்டால், அறையில் ஒட்டியிருக்கும் இயந்திர எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளவேண்டும். குறுஞ்செய்தியை அழிக்கக்கூடாது. பதற்றத்தில் மீண்டும் மீண்டும் முயலக்கூடாது. பழுதான இயந்திரத்தில் இரண்டாம் முறையும் 5000 கழிந்தால், துன்பம் இரட்டிப்பாகும்.

இனி, யாரிடம் கேட்பது என்ற முதல் கேள்விக்கு வருவோம். இயந்திரம் எந்த வங்கியுடையதாக இருந்தாலும், புகார் செல்லவேண்டிய இடம் அட்டையை வழங்கிய வங்கியே. அதுதான் அவர் கணக்கில் கழித்தது; அதுவே திருப்பிச் சேர்க்கவேண்டும். இயந்திரத்தை வைத்திருக்கும் வங்கியோடு பேசித் தீர்ப்பது அவ்வங்கியின் வேலை. இதற்காகக் கடல் கடந்து கிளைக்குப் போகவேண்டியதில்லை. அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் உதவி எண்ணில் அழைக்கலாம். வங்கியின் செயலியில் பதியலாம். இங்கேயே அவ்வங்கியின் கிளை இருந்தால் அங்கும் கொடுக்கலாம். எவ்வழியில் கொடுத்தாலும் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளவேண்டும். உதவி எண்ணை இணையத்தில் தேடி எடுப்பது ஆபத்து. அங்கே ஏமாற்றுக்காரர்கள் தம் எண்களைப் பரப்பி வைத்திருக்கிறார்கள். பணத்தைத் திருப்பித் தர இரகசியக் குறியீட்டெண்ணோ கைப்பேசிக்கு வரும் ஒருமுறை எண்ணோ எந்த வங்கிக்கும் தேவையில்லை.

தச்சர் தம் மகளின் உதவியோடு எழுதிய புகார் இவ்வாறு இருக்கலாம்:

ரங்கத்,
ஜூன் 4.

பெறுநர்
கிளை மேலாளர் அவர்கள்.

பொருள்: ஏ.டி.எம். இயந்திரத்தில் பணம் வராமல் கணக்கில் கழிந்த 5000 ரூபாயைத் திரும்பச் சேர்க்க வேண்டுதல்.

ஐயா,
தங்கள் கிளையில் எனக்குச் சேமிப்புக் கணக்கு உள்ளது. ஜூன் 3ஆம் நாள் மாலை 6.20 மணியளவில், ரங்கத் கடைத்தெருவில் உள்ள வேறொரு வங்கியின் இயந்திரத்தில் 5000 ரூபாய் எடுக்க முயன்றேன். பணம் ஏதும் வெளிவரவில்லை. ஆனால், கணக்கில் தொகை கழிந்ததாகக் குறுஞ்செய்தி வந்தது. இயந்திர எண்ணும் பரிமாற்ற எண்ணும் அச்சுச் சீட்டில் உள்ளன. சீட்டின் படியையும் குறுஞ்செய்தியின் படியையும் இணைத்துள்ளேன். ரிசர்வ் வங்கியின் 20.9.2019 ஆணைப்படி ஜூன் 8க்குள் தொகையைச் சேர்க்கவும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீட்டையும் சேர்க்கவும் வேண்டுகிறேன். புகார் எண்ணைத் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

இக்கடிதத்தில் வருத்தமோ சினமோ இல்லை என்பதைக் கவனியுங்கள். நாள், நேரம், இடம், தொகை, எண்கள், கேட்பது என்ன என்பவை மட்டுமே உள்ளன. அட்டையின் முழு எண்ணும் இல்லை, அது தேவையுமில்லை.

சில வேளைகளில் வங்கி, ‘பரிமாற்றம் வெற்றி’ என்று கூறிப் புகாரை முடித்துவிடும். அப்போது ஓய்ந்துவிடலாகாது. அந்த இயந்திரத்தின் மின்னணுக் குறிப்பேட்டுப் பகுதியையும், அன்றைய பண இருப்பு எண்ணிக்கையையும், கண்காணிப்புப் படக்கருவியின் பதிவையும் பார்த்து விடை தருமாறு எழுத்தில் கேட்கவேண்டும். படப்பதிவை வங்கிகள் நெடுங்காலம் வைத்திருப்பதில்லை; ஆதலால் இதைத் தள்ளிப்போடக்கூடாது.

புகார் கொடுத்து 30 நாள்கள் ஆகியும் விடை வராவிட்டால், அல்லது வந்த விடை நிறைவு தராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். 2021 நவம்பர் 12இல் தொடங்கிய ஒருங்கிணைந்த திட்டத்தின்படி, கிளை எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் நாட்டின் எந்த மூலையிலிருந்தும் புகார் அனுப்பலாம். cms.rbi.org.in என்னும் தளத்தில் பதியலாம். 14448 என்னும் எண்ணில் வழிகேட்கலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை. ஆனால் வங்கிக்கு முதலில் எழுதாமல் நேரே அங்கே சென்றால் புகார் ஏற்கப்படாது. ஜூன் 4இல் பெற்ற புகார் எண் அப்போது பயன்படும்.

பயிற்சி

1. ஒருவர் மார்ச் 10ஆம் நாள் 2000 ரூபாய் எடுக்க முயன்றார். பணம் வரவில்லை, கணக்கில் கழிந்தது. மார்ச் 27ஆம் நாள் 2000 ரூபாய் மட்டும் கணக்கில் சேர்ந்தது. அவருக்கு இன்னும் எவ்வளவு வரவேண்டும்?

2. அவர் மார்ச் 20ஆம் நாள்தான் புகார் கொடுத்தார் என்றால் உங்கள் விடை மாறுமா? காரணம் கூறுக.

3. 4000 ரூபாய் கேட்டவருக்கு 3500 ரூபாய் மட்டுமே வெளிவந்தது. கணக்கில் 4000 கழிந்தது. அவர் பொருட்டு வங்கிக்கு ஒரு கடிதம் எழுதுக.