அடைப்புக்குறிக்குள் அகப்பட்ட இணைப்புகள்

புலனக் குழுக்களில் வரும் அறிவிப்புகளை ஊன்றிப் படிப்பவர்கள் ஒரு விநோதமான வாக்கிய அமைப்பைச் சந்தித்திருப்பார்கள். ஒரு சொல் சதுர அடைப்புக்குறிக்குள் நிற்கும். அதை ஒட்டியே வளைந்த அடைப்புக்குறிக்குள் ஓர் இணைய முகவரி வரும். அதற்குப் பிறகுதான் வாக்கியம் தொடரும். எடுத்துக்காட்டாக, ஓர் அறிவிப்பு இப்படி வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

```
எஸ்.பி.எம். முடித்த மாணவர்கள் [இங்கே](https://upu.mohe.gov.my) விண்ணப்பிக்கலாம்.
```

இதை அனுப்பியவர் தட்டச்சில் தடுமாறிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அவர் மிகச் சரியாகவே எழுதியிருக்கிறார். ஆனால் வேறோர் இடத்திற்கு உரிய முறையில் எழுதியிருக்கிறார். அம்முறைக்கு மார்க்டவுன் என்று பெயர். அது எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது, பொருந்தாத இடத்தில் எப்படி எழுதினால் நம் மக்களுக்கு விளங்கும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மார்க்டவுன் எதற்காக வந்தது?

இணையப் பக்கங்களை உருவாக்கும் எச்.டி.எம்.எல். குறிமொழி எழுதுபவரின் கண்ணைக் களைப்படையச் செய்வது. சாதாரண எழுத்தில் சில எளிய குறிகளை மட்டும் இட்டு எழுதினால், கணினியே அதை எச்.டி.எம்.எல். ஆக மாற்றிக்கொள்ளட்டும் என்ற எண்ணத்தில் ஜான் குரூபர் என்ற அமெரிக்கர் 2004ஆம் ஆண்டு மார்க்டவுனை வெளியிட்டார். அதன் வடிவமைப்பில் ஆரன் சுவார்ட்ஸ் அவருக்குத் துணை நின்றார். மாற்றப்படாத நிலையிலும் எழுத்து படிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது குரூபரின் நோக்கம். தலைப்புகளிலும் பட்டியல்களிலும் அந்நோக்கம் நன்றாகவே நிறைவேறியது. இணைப்பில்தான் அது இடறுகிறது.

மார்க்டவுனில் இணைப்பு இரண்டு பகுதிகளைக் கொண்டது. சதுர அடைப்புக்குள் இருப்பது வாசகர் காண வேண்டிய சொல். வளைந்த அடைப்புக்குள் இருப்பது அச்சொல்லை அழுத்தினால் செல்ல வேண்டிய முகவரி. மார்க்டவுனை அறிந்த செயலி இதைப் பெற்றதும் குறிகளையும் முகவரியையும் மறைத்துவிட்டு, சொல்லை மட்டும் அழுத்தத்தக்கதாகக் காட்டும். மாற்றும் வேலையைச் செய்ய ஆளில்லாத இடத்தில் எல்லாமே அப்படியே வெளியில் தெரியும். புலனம், குறுஞ்செய்தி, சாதாரண மின்னஞ்சல், அச்சிட்ட தாள் ஆகியவை அத்தகைய இடங்கள்.

புலனத்தைப் பற்றி ஒரு குழப்பம் உண்டு. அங்கே ஒரு சொல்லின் இருபுறமும் உடுக்குறி இட்டால் அது தடித்த எழுத்தாகிறது. அடிக்கோட்டுக் குறி இட்டால் சாய்ந்த எழுத்தாகிறது. ஆகவே மார்க்டவுன் முழுவதும் அங்கே வேலை செய்யும் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் புலனம் தன் சொந்தக் குறிகள் சிலவற்றை மட்டுமே அறியும். தடித்த எழுத்துக்குக்கூட மார்க்டவுன் இரண்டிரண்டு உடுக்குறிகளைக் கேட்கிறது. புலனத்திற்கு ஒவ்வொன்று போதும். சதுர அடைப்பு இணைப்பு புலனத்தின் குறிகளில் இல்லை. குறிப்பேட்டுச் செயலியிலோ கணினியிலோ எழுதியதை வெட்டி ஒட்டும்போது இந்த வேறுபாடுதான் காலை வாருகிறது.

தமிழில் ஏன் கூடுதல் சிக்கல்?

ஆங்கிலத்தில் இந்தக் கோலம் ஓரளவு சகிக்கத்தக்கதாக இருக்கலாம். தமிழில் இரண்டு காரணங்களால் அது வாக்கியத்தையே உடைத்துவிடுகிறது.

முதற்காரணம் வேற்றுமை உருபு. ஆங்கிலத்தில் உறவுச் சொல் பெயருக்கு முன்னால் தனியே நிற்கும். தமிழில் உருபு பெயரோடு பின்னால் ஒட்டும். எங்கள் ஊரான லுக்குட்டை எடுத்துக்கொள்வோம். "லுக்குட்டின் வரலாறு" என்று எழுத வேண்டும். லுக்குட் என்ற பெயருக்கு மட்டும் இணைப்புத் தர வேண்டும். அப்படியானால் முகவரி பெயருக்கும் உருபுக்கும் நடுவில் புகுந்துவிடும்.

இரண்டாம் காரணம் முகவரியின் நீளம். இணைய முகவரியில் தமிழ் எழுத்துகள் அப்படியே பயணம் செய்வதில்லை. ஒருங்குறியில் லுக்குட் என்ற சொல் எட்டு அலகுகளாகச் சேமிக்கப்படுகிறது: ல, உகரக் குறி, க, புள்ளி, க, உகரக் குறி, ட, புள்ளி. ஒவ்வொரு தமிழ் அலகும் மூன்று பைட்டுகள் பிடிக்கும். ஒவ்வொரு பைட்டும் முகவரியில் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு எழுத்துகளுமாக விரியும். ஆக ஓர் அலகுக்கு 9 குறிகள். எட்டு அலகுக்கு 72 குறிகள். நாம் நான்கு எழுத்தாக எண்ணும் ஊர்ப்பெயர் இப்படித்தான் 72 ஆகிறது. தமிழ் விக்கிப்பீடியாவின் முன்பகுதி 30 குறிகளையும் சேர்த்தால் மொத்தம் 102.

இரண்டு காரணங்களும் ஒன்று சேர்ந்தால் வாசகர் காண்பது இது:

```
[லுக்குட்](https://ta.wikipedia.org/wiki/%E0%AE%B2%E0%AF%81%E0%AE%95%E0%AF%8D%E0%AE%95%E0%AF%81%E0%AE%9F%E0%AF%8D)டின் வரலாறு
```

பெயர் தொடக்கத்தில் நிற்கிறது. "டின்" என்ற துண்டு நூறு குறிகளைத் தாண்டி அநாதையாக நிற்கிறது. லுக்குட் பழைய ஈயச் சுரங்க ஊர் என்பதால், அதை ஈயத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் என்று யாராவது படித்தாலும் குற்றம் சொல்ல முடியாது!

இழப்பு யாருக்கு?

கைத்தொலைபேசியை நன்கு கையாளும் மாணவர்கள் எப்படியோ சமாளித்துக்கொள்வார்கள். ஆனால் லுக்குட் வட்டாரத் தோட்டங்களில் எஸ்.பி.எம். முடித்த பிள்ளைக்கு வரும் செய்தி பெரும்பாலும் குடும்பக் குழு வழியாகவே வருகிறது. அதை முதலில் படிப்பவர் அம்மாவாக இருக்கலாம், தாத்தாவாகவும் இருக்கலாம். "இங்கே" என்ற சொல்லை அழுத்திப் பார்த்து ஒன்றும் நடக்கவில்லை என்றால், "லிங்க் கெட்டுப் போச்சு" என்று விட்டுவிடுவார்கள். யூ.பி.யூ. விண்ணப்பத்திற்கு இறுதி நாள் உண்டு. செய்தி கைக்கு வந்தும் பயன்படாமல் போவது வராமல் போவதைவிடக் கொடுமையல்லவா?

இன்னோர் அச்சமும் உண்டு. மார்க்டவுனில் காட்டும் சொல் ஒன்றாகவும் செல்லும் முகவரி வேறாகவும் இருக்கலாம்:

```
[upu.mohe.gov.my](https://semakan-upu.example)
```

மார்க்டவுன் அறிந்த செயலி முதற்பகுதியை மட்டுமே காட்டும். வாசகர் அரசாங்க முகவரி என்று நம்பி அழுத்துவார். போய்ச் சேருவது வேறிடம். மோசடிக்காரர்கள் பயன்படுத்துவது இந்த இடைவெளியைத்தான். பெரியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டிய சோதனை ஒன்று உண்டு. முகவரியின் தொடக்கத்திலுள்ள இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதன்பின் வரும் முதல் ஒற்றைச் சாய்கோடு வரை பாருங்கள். அந்தப் பகுதி எதில் முடிகிறதோ அதுதான் உரிமையாளரைக் காட்டும். நம் அரசாங்கப் பக்கமானால் முன்புள்ளியோடு .gov.my என்று முடிய வேண்டும். முகவரி கண்ணுக்குத் தெரிந்தால்தானே இச்சோதனையைச் செய்ய இயலும்? ஆகவே அதை மறைப்பதும் தீர்வாகாது. வாக்கியத்தின் நடுவில் திணிப்பதும் தீர்வாகாது.

எப்படி எழுதலாம்?

வாக்கியத்தை முதலில் முகவரி இல்லாமலேயே முழுமையாக எழுதுங்கள். அந்தப் பக்கம் யாருடையது, அதன் பெயர் என்ன, அங்கே சென்று என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டட்டும். வாக்கியம் முடிந்த பிறகு முகவரியைத் தனி வரியில் வையுங்கள். முதலில் கண்ட அறிவிப்பு இப்போது இவ்வாறு மாறுகிறது:

```
எஸ்.பி.எம். முடித்தவர்கள் அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு
உயர்கல்வி அமைச்சின் UPUOnline அகப்பக்கத்தில் விண்ணப்பிக்கலாம்.
முகவரி:
https://upu.mohe.gov.my
```

தனி வரி என்பது அழகுக்காக மட்டுமன்று. செயலி ஒரு முகவரி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை ஊகித்தே அதை அழுத்தத்தக்கதாக்குகிறது. முகவரியோடு "இல்" என்ற உருபை ஒட்டி எழுதினால், சில செயலிகள் அதையும் முகவரியின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். அழுத்தினால் பக்கம் திறக்காது. முற்றுப்புள்ளியும் அடைப்புக்குறியும் சில வேளைகளில் இதே தொல்லையைத் தரும். தனி வரியில் இட்டு, பின்னால் எதையும் ஒட்டாமல் விட்டால் இந்த ஊகத்திற்கே இடமில்லை.

சரியாக எழுதியிருக்கிறோமா என்று அறிய, முகவரி வரியைக் கையால் மறைத்துக்கொண்டு மீதியைப் படித்துப் பாருங்கள். தொலைபேசியில் ஒருவருக்குப் படித்துக் காட்டினால் அவருக்கு விளங்குமா? "இங்கே விண்ணப்பிக்கலாம்" என்பது இச்சோதனையில் தோற்கும். "உயர்கல்வி அமைச்சின் அகப்பக்கத்தில் விண்ணப்பிக்கலாம்" என்பது வெல்லும். முகவரிகள் நிலையானவையும் அல்ல. நம் உயர்கல்வி அமைச்சு 2018இல் கல்வி அமைச்சோடு இணைக்கப்பட்டு, 2020இல் மீண்டும் தனி அமைச்சானது. அமைச்சின் பெயர்ச்சுருக்கத்தைச் சுமந்து நிற்கும் முகவரி இத்தகைய மாற்றங்களில் செல்லாமல் போகக்கூடும். பெயரும் எழுதியிருந்தால் வாசகர் தேடிக் கண்டுபிடித்துக்கொள்வார்.

தமிழ் முகவரிகளுக்கும் இதே வழிதான். விழுக்காட்டுக் குறிகளை நீக்கிவிட்டு, தலைப்பைத் தமிழிலேயே தட்டச்சு செய்யலாம். உலாவி அதைத் தானே மாற்றிக்கொள்ளும்:

```
லுக்குட்டின் வரலாற்றைத் தமிழ் விக்கிப்பீடியாவில்
"லுக்குட்" என்னும் தலைப்பில் தேடிப் படிக்கலாம்.
https://ta.wikipedia.org/wiki/லுக்குட்
```

ஆனால் சில செயலிகள் தமிழ் எழுத்து தொடங்கும் இடத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். ஆகவே குழுவில் போடுமுன் உங்களுக்கே ஒருமுறை அனுப்பி அழுத்திப் பாருங்கள். துண்டிக்கப்பட்டால் நீண்ட முகவரியையே தனி வரியில் இடலாம். மேலே உள்ள வாக்கியம் பொருளைச் சொல்லிவிட்டதால் அந்த நீளம் யாரையும் குழப்பாது.

அச்சிடும் மலர்களுக்கு எழுதும்போது இன்னும் ஒரு படி மேலே செல்ல வேண்டும். தாளை அழுத்த முடியாது. 102 குறிகளைப் பார்த்துத் தட்டச்சு செய்யவும் ஒருவருக்கும் பொறுமை இராது. வரி முடிவில் நீண்ட முகவரியை முறித்து இடைக்கோடு இட்டுவிட்டால், அந்தக் கோடும் முகவரியைச் சேர்ந்ததோ என்ற ஐயம் எழும். அத்தகைய இடத்தில் தளத்தின் பெயரும் கட்டுரையின் தலைப்பும் போதும்.

மார்க்டவுன் வேலை செய்யும் இடங்களில் அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அங்கும் சதுர அடைப்புக்குள் "இங்கே" என்று எழுதாமல் பக்கத்தின் பெயரையே எழுதுவது நல்லது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் ஒரு பக்கத்திலுள்ள இணைப்புகளை மட்டும் தொகுத்து வாசிக்கவல்லது. ஐந்து இணைப்புகளும் "இங்கே" என்றிருந்தால் அவர் காதில் விழுவது ஐந்து முறை "இங்கே" மட்டும்தான். தமிழில் உருபைச் சதுர அடைப்புக்கு உள்ளேயே சேர்த்து, "[லுக்குட்டின்]" என்று முழுச்சொல்லாக எழுதிவிட்டால், என்றாவது அந்த வரி புலனத்தில் வந்து விழுந்தாலும் சொல்லாவது உடையாமல் வந்து சேரும்.